மோவாய்க்குக் கீழே இரண்டு பள்ளம்: இரட்டைத் தாடையைத் திருத்தும்போது வரும் கோளாறுகள்

அறுபதாம் கல்யாணப் படம் ஒன்று. 16-க்கு 20 அங்குலத்தில் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறார்கள். அரக்குப் பட்டுச்சேலை, ஜிமிக்கி, இரட்டைவடச் சங்கிலியோடு அம்மா லேசாக இடப்பக்கம் திரும்பி நிற்கிறார். மகள் வந்து, "அண்ணா, அம்மாவுக்குக் கழுத்துல அந்த மடிப்பை மட்டும் எடுத்துடுங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றார். இந்த வேலையில் எங்களிடம் அடிக்கடி வருகிற கோரிக்கை இதுதான். அதிகம் கெட்டுப்போகிற வேலையும் இதுதான். நான் முதன்முதலில் செய்தபோது பேட்ச் டூலால் மடிப்பை முழுசாக வழித்து எடுத்துவிட்டேன். படத்தில் அழகான ஒரு பெண் இருந்தார், ஆனால் அந்த வீட்டு அம்மா இல்லை.

ஃபோட்டோஷாப்பில் இந்த வேலையைச் செய்யும்போது எந்தக் கோளாறு எந்த அடையாளத்தோடு வரும், அது ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் பிடிபட வேண்டும்.

மேலிருந்து வெளிச்சம் விழும் சாதாரணக் கழுத்தை மேலிருந்து கீழாகக் கண்ணால் தடவிப் பாருங்கள். மோவாய் நுனி வெளிச்சமாக இருக்கும். தாடைக்கு அடியில் நிழல் விழும். அங்கிருந்து கீழே இறங்க இறங்க மெல்ல வெளுத்து, காறை எலும்பருகே மறுபடி வெளிச்சமாகும். அதாவது வெளிச்சம் ஒரே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இரட்டைத் தாடையில் இந்தப் பள்ளம் இரண்டாகிறது: தாடைக்கு அடியில் ஒரு நிழல், அதற்குக் கீழே தொங்கும் சதையின் மேல் ஒரு வெளிச்சத் திட்டு, அதற்கும் கீழே மடிப்பின் கருப்புக் கோடு, அப்புறம் கழுத்து. நம் கண் "இரட்டை" என்று படிப்பது அந்த நடுவிலிருக்கும் வெளிச்சத் திட்டைத்தான். மடிப்புக் கோட்டின் பங்கு அதற்கு அடுத்தபடிதான். ஆகவே நம் வேலை மடிப்பை அழிப்பதில்லை, இரண்டு பள்ளங்களை ஒன்றுக்கொன்று நெருக்கி ஒன்றுபோலத் தெரியவைப்பது. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி, யாரோ இரண்டு பள்ளங்களையும் சேர்த்து மூடிவிட்டதால் வருபவை.

அடையாளம்: மடிப்பு போய்விட்டது, ஆனால் முகம் கழுத்தில் ஒட்டாமல் மிதக்கிறது. அல்லது தாடை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை

இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். தாடைக்கு அடியிலிருந்த நிழலையும் மடிப்பு என்று நினைத்து வெளுத்துவிட்டால் தாடைக்கோடு கரைந்து, முகமும் கழுத்தும் ஒரே மாவு உருண்டை ஆகிவிடும். மாறாக, மோவாய்க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கருப்படித்தால் தலை தனியாக மிதக்கும். இரண்டிலும் தொடக்கூடாதது அந்த முதல் நிழல். தாடையின் உருவத்தைச் சொல்வதே அதுதான்.

முதலில் கண்ணை நிறத்திலிருந்து பிரிக்க வேண்டும். லேயர் அடுக்கின் உச்சியில் ஒரு Black & White அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வையுங்கள். தோலின் சிவப்பும் மஞ்சளும் போய் வெளிச்சம் மட்டும் தெரியும். இரண்டு பள்ளங்களும் பளிச்சென்று கண்ணில் படும். இது சோதனைக்கு மட்டும், வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

அடுத்து அளவு. Color Sampler டூலை எடுத்து, Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்து (இல்லாவிட்டால் ஒரு மயிர்க்கால் உங்கள் கணக்கைக் கெடுக்கும்) நான்கு புள்ளிகள் குத்துங்கள்: தாடைக்கு அடி நிழலில் ஒன்று, தொங்கு சதையின் வெளிச்சத்தில் ஒன்று, மடிப்புக் கோட்டில் ஒன்று, கீழ்க்கழுத்தில் ஒன்று. Info பலகையில் அளவை Lab Color என்று மாற்றிக்கொண்டால் L என்ற எண் வெளிச்சத்தைச் சொல்லும். 0 கருப்பு, 100 வெள்ளை. சோதனை லேயர் எரிந்துகொண்டிருந்தால் எண்கள் அதையும் சேர்த்துக் காட்டும், ஆகவே எண் பார்க்கும்போது அதை அணைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா படத்தில் எனக்குக் கிடைத்தவை: நிழலில் 43, தொங்கு சதையில் 59, மடிப்பில் 33, கழுத்தில் 50. சதைக்கும் மடிப்புக்கும் இடையே 26 வித்தியாசம். காரணமும் படத்திலேயே இருந்தது. கண்ணின் பாவையில் மேலே குடையின் வெள்ளைப் புள்ளி ஒன்று, கீழே இன்னொரு மங்கிய புள்ளி. படம் எடுத்தபோது உதவியாளர் வயிற்றருகே வெள்ளி ரிஃப்ளெக்டரைப் பிடித்திருக்கிறார். அது முகத்தைத் தூக்குவதற்குப் பதில் தொங்கு சதையின் அடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டது. இந்த மாதிரிப் படத்தில் சதையின் மேலுள்ள வெளிச்சத்தைக் குறைப்பது பொய்யும் ஆகாது. ரிஃப்ளெக்டர் இல்லாதிருந்தால் அங்கே விழுந்திருக்கக்கூடிய நிழலைத்தான் திருப்பித் தருகிறோம்.

ஒரு Curves லேயர் போடுங்கள். நடுவில் Input 128-ஐ Output 96-க்கு இறக்குங்கள். லேயரின் பிளெண்ட் மோடை Luminosity ஆக்குங்கள். அப்படியே விட்டால் இருட்டும்போது தோலின் நிறமும் கூடிக் கன்றிப்போன காயம் மாதிரி ஆகிவிடும். மாஸ்க்கைத் தேர்ந்து Ctrl+I அழுத்தினால் மாஸ்க் கருப்பாகி எல்லாம் மறைந்துவிடும். இனி வெள்ளை நிறத்தில், ஓரம் மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்து, Flow 3 சதவீதத்தில், அந்த வெளிச்சத் திட்டின் மேல் மட்டும் தடவிக்கொண்டே போங்கள். பிரஷ்ஷின் அகலம் திட்டின் அகலத்தில் முக்கால்வாசி இருந்தால் போதும். சிறிய பிரஷ் எடுத்தால் கோடு கோடாக விழும். தாடைக்கோட்டைத் தாண்டி மேலே ஏறாதீர்கள். பத்துப் பதினைந்து தடவலில் எண் இறங்குவது Info பலகையில் தெரியும். நான் 59-ஐ 48-க்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

இரண்டாவது Curves லேயர் மடிப்புக்கு. Input 80-ஐ Output 110-க்கு ஏற்றி, மாஸ்க்கைக் கருப்பாக்கி, கோட்டின் அகலத்துக்கே ஆன மெல்லிய பிரஷ்ஷால் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். 33 என்பது 42 ஆயிற்று. முடித்ததும் இரண்டு மாஸ்க்குகளையும் Properties பலகையில் Feather கொடுத்து இளக்குங்கள். சதைக்கு 12 பிக்சல், கோட்டுக்கு 3 பிக்சல் வைத்தேன். முகம் மயிர்க்கோட்டிலிருந்து மோவாய்வரை ஏறத்தாழ 1500 பிக்சல் உயரமிருந்த கோப்பு அது. உங்கள் கோப்பு சிறியதென்றால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரிசை 43, 48, 42, 50. வித்தியாசம் 26-லிருந்து 6 ஆகிவிட்டது. மடிப்பு இன்னும் இருக்கிறது, பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். கூடத்தில் எட்டடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ஒரே பள்ளமாகத்தான் தெரியும். அந்த 6-ஐயும் எடுத்துவிட ஆசை வரும். எடுத்தால் சதை தட்டையாகி, அட்டையில் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும். 58 வயதுக் கழுத்தில் 5, 6 அளவு வித்தியாசம் இருப்பதுதான் நம்பும்படி இருக்கிறது. இளைய வயதுக்காரர் என்றால் 3, 4 வரை போகலாம்.

முகம் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கிறதா? கருப்படித்த லேயரின் மாஸ்க்கில், கீழ்க்கழுத்துப் பக்கத்தைக் கருப்பு பிரஷ்ஷால் விடுவியுங்கள். பள்ளத்திலிருந்து வெளிச்சம் மறுபடி மேலே ஏற வழி கிடைத்ததும் தலை கழுத்தில் உட்காரும். இன்னொரு காரணமும் உண்டு. காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக் குழியை நோக்கிச் சாய்வாக இறங்கும் தசைக் கம்பி ஒன்று, தலை திரும்பியிருக்கும்போது புடைத்துத் தெரியும். அதையும் மடிப்பென்று நினைத்து அழித்தவர்கள் நிறையப் பேர். அது போனால் கழுத்து பிளாஸ்டிக் குழாய் ஆகிவிடும். அதை விட்டுவைத்தால், சுற்றியுள்ள திருத்தங்களைக் கண் மன்னித்துவிடுகிறது.

அடையாளம்: மடிப்பு இருந்த இடத்தில் ஆரஞ்சு வரி, அல்லது சாம்பல் பூசியது போன்ற திட்டு

ஆரஞ்சு வரி வருவதற்குக் காரணம் மடிப்பின் இயல்பு. இரண்டு தோல் பரப்புகள் எதிரெதிரே இருப்பதால் வெளிச்சம் தோலிலிருந்து தோலுக்குத் தெறித்து, ஒவ்வொரு தெறிப்பிலும் இன்னும் சிவந்துகொண்டே உள்ளே போகிறது. இருட்டாக இருந்தவரை அந்தச் சிவப்பு தெரியவில்லை. நாம் வெளுத்ததும் வெளியே வந்துவிட்டது. சாம்பல் திட்டு வேறு கதை. யாரோ வெறும் வெள்ளையை எடுத்து நேராகப் பூசியிருக்கிறார்கள். மாநிறத்திலும் கருப்புத் தோலிலும் இது உடனே திருநீறு பூசியதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்த் தோல்களுக்கு வெள்ளை பிரஷ் வேண்டவே வேண்டாம், Curves மட்டும் போதும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். எல்லாத் திருத்தங்களுக்கும் மேலே ஒரு காலி லேயர் போட்டு, அதன் பிளெண்ட் மோடை Color ஆக்குங்கள். Alt அழுத்திக்கொண்டு, கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி அதே கழுத்தின் தோலில் கிளிக் செய்து நிறத்தை எடுத்து, Opacity 8 சதவீதத்தில் கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். வெளிச்சம் மாறாது, நிறம் மட்டும் அண்டை அயலோடு சேர்ந்துகொள்ளும். கன்னத்திலிருந்து நிறம் எடுக்கக் கூடாது. பலருக்கும் கழுத்து முகத்தைவிட ஒரு சாயல் கருப்பாகவே இருக்கும், கன்னத்தின் நிறம் கழுத்தில் ஒட்டுப்போட்டது போலாகும்.

மடிப்பில் தோலே கருத்திருந்தால் வெளிச்சம் எவ்வளவு ஏற்றினாலும் கோடு போகாது. நிழல் ஒன்று, கருமை ஒன்று என்று இரண்டும் கலந்திருக்கும். அப்போது வெளிச்சத்தில் பாதி, நிறத்தில் பாதி என்று பிரித்துச் செய்யுங்கள். முழுவதையும் வெளிச்சத்தாலேயே தீர்க்கப்போனால்தான் மடிப்பு குழியாக இல்லாமல் தழும்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அடையாளம்: தாடை ஓரத்தில் அழுக்கு ஈஷியது போல மங்கல்

Healing Brush-உம் பேட்ச் டூலும் சுற்றியிருக்கும் நிறத்தை இழுத்துத்தான் கலக்கின்றன. தாடைக்கோட்டுக்குப் பக்கத்தில் தடவும்போது ஒருபக்கம் வெளிச்சக் கன்னம், மறுபக்கம் நிழல். கருவிக்கு எது யாருடையது என்று தெரியாது, இரண்டையும் குழப்பிவிடுகிறது. லஸ்ஸோவால் தாடைக்கோட்டுக்கு உட்பட்ட கழுத்துப் பகுதியை மட்டும் தேர்ந்து, 1 பிக்சல் Feather கொடுத்து, அந்த எல்லைக்குள் மட்டும் வேலை செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியாத இடத்தில் Healing-ஐ விட்டுவிட்டு, Clone Stamp-ஐ எடுங்கள். Mode: Lighten, Opacity 20, Sample: Current & Below. மூலத்தைவிட இருட்டாக இருக்கும் பிக்சல்களை மட்டுமே அது தொடும், அதனால் ஓரத்து வெளிச்சம் கெடாது. மடிப்பின் நடுவில் ஊசிபோல் மிஞ்சுகிற கருங்கோட்டுக்கும் இதுவே சிறந்த கருவி.

அடையாளம்: மடிப்பு குறைந்தது, ஆள் மாறிவிட்டார்

இதை வீட்டார்தான் முதலில் சொல்வார்கள், என்ன மாறியது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. காரணம் பெரும்பாலும், படத்தின் வடிவத்தையே தள்ளி நகர்த்தும் லிக்விஃபை.

2016-ல் லிக்விஃபையில் முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி வந்தபிறகு Jawline, Chin Height, Face Width என்று ஸ்லைடர்கள் கையில் கிடைத்துவிட்டன. இழுத்தால் உடனே பலன். ஆனால் Jawline ஸ்லைடருக்குத் தொங்கு சதை எது, எலும்பு எது என்று தெரியாது. அது முகத்தின் கீழ்ப்பாதியையே ஒடுக்குகிறது. காதுக்குக் கீழே தாடை வளையும் அந்த மூலை ஒவ்வொரு மனிதருக்கும் தனி. அப்பாவிடமிருந்து மகளுக்கு வருவதும் பெரும்பாலும் அந்த மூலைதான். அதை நகர்த்தினால் குடும்பச் சாயலே போய்விடும். மோவாய் உயரத்தைக் குறைத்தால் உதட்டுக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் மாறும், அதிலும் ஆள் அடையாளம் கெடும்.

முன்னால் பார்த்து எடுத்த படம், முக்கால் திரும்பிய படம் இரண்டிலும் முதல் பகுதியில் சொன்ன வெளிச்ச வேலையை முடித்துவிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட படங்களில் லிக்விஃபை தேவைப்படாது. தேவைப்படுவது எங்கே என்றால், தொங்கு சதையின் வெளிக்கோடு பின்னணியின் மேல் நிழலுருவமாகத் தெரிகிற இடங்களில். பக்கவாட்டுப் படம் முழுவதும் அப்படி. முக்கால் படத்தில் தூரத்துப் பக்கத்தில் ஒரு சிறு வளைவு மட்டும் அப்படி இருக்கும். அங்கே வெளிச்சம் எதையும் செய்ய முடியாது, கோட்டைத்தான் நகர்த்த வேண்டும்.

அடிப் படத்தை Convert to Smart Object செய்துவிட்டு Filter > Liquify திறங்கள். அப்போது நாளைக்கு மனம் மாறினாலும் திரும்பிப் போகலாம். Freeze Mask டூலால் (F) உதடு, மோவாய் நுனி, காதுக்கடித் தாடை மூலை, சங்கிலி, ஜிமிக்கி எல்லாவற்றையும் சிவப்புப் பூசி உறையவையுங்கள். Forward Warp டூலை (W) எடுத்து, Size-ஐப் பெரிதாக, மோவாயிலிருந்து காதுவரையான நீளத்தில் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். Pressure 25, Density 50. தொங்கு சதையின் நடுவிலிருந்து தாடையை நோக்கி மேலே, இரண்டு மூன்று சிறு தள்ளல். சிறிய பிரஷ்ஷால் தள்ளினால் கோடு அலை அலையாகி, கடித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு தள்ளலாம்? முக உயரத்தில் நூறில் ஒரு பங்கு என்பது என் கைக்கணக்கு. அந்த அம்மா படத்தில் தூரத்துப் பக்கத்தில் 14 பிக்சல் தள்ளினேன். அதற்கு மேல் போனால் கழுத்து நீள ஆரம்பிக்கும். Preview-ஐ அணைத்து எரித்துப் பாருங்கள். மாற்றம் கண்ணுக்குத் தாவித் தெரிந்தால் அதிகம். "எங்கே மாறிச்சு?" என்று ஒரு நொடி தேட வேண்டியிருந்தால் அளவு சரி.

வேலை வரிசையில் ஒரு எச்சரிக்கை. Clone, Healing செய்த பிக்சல்கள் தனி லேயரில் மேலே இருக்கும். பிறகு அடியில் லிக்விஃபை செய்தால் அவை இருந்த இடத்திலேயே நின்றுவிட, தோல் மட்டும் நகர்ந்து, ஓரத்தில் இரட்டைக்கோடு விழும். ஆகவே முதலில் Curves போட்டுப் பார்த்து வடிவம் தேவையா என்று முடிவு செய்யுங்கள். தேவையென்றால் அடியில் லிக்விஃபை, அதற்குப் பிறகே ஒட்டுவேலை. Curves மாஸ்க் மெத்தென்றிருப்பதால் பத்துப் பதினைந்து பிக்சல் நகர்வை அது தாங்கிக்கொள்ளும்.

அடையாளம்: பின்னணிக் கோடு வளைந்திருக்கிறது, சங்கிலி நெளிந்திருக்கிறது

தூண், கதவு நிலை, மேடை அலங்காரத்தின் நேர்க்கோடு எதுவாவது கழுத்துக்குப் பின்னால் ஓடினால், தாடையைத் தள்ளும்போது அதுவும் சேர்ந்து வரும். லிக்விஃபைக்குள்ளேயே பின்னணியை உறையவைத்தால் ஓரத்தில் தோல் சுருங்கும், விட்டால் தூண் வளையும். நான் செய்வது இது: லிக்விஃபை செய்யாத மூலப் படத்தின் ஒரு பிரதியை மேலே வைத்து, மாஸ்க்கைக் கருப்பாக்கி, வளைந்த தூணின் மேல் மட்டும் வெள்ளையால் தடவி நேர்த்தூணைத் திரும்பக் கொண்டுவருவேன். சதை பின்வாங்கிய அந்த மெல்லிய கீற்றில் மட்டும் Clone Stamp-ஆல் பின்னணியை நீட்டிவிட வேண்டும்.

சங்கிலியைவிட மோசமானது ஜிமிக்கியின் நிழல். ஜிமிக்கி அசையாமல் உறைந்திருக்க, அதன் நிழல் கழுத்துத் தோலோடு மேலே ஏறிவிடும். யாரும் விரல் நீட்டிச் சொல்லமாட்டார்கள், ஆனால் படம் எங்கோ இடிக்கும். நிழலையும் சேர்த்து உறையவையுங்கள்.

அடையாளம்: தோல் மெழுகுபோல் வழுவழுக்கிறது

தோலின் நுணுக்கத்தை மேல் லேயரிலும் நிறத்தையும் நிழலையும் கீழ் லேயரிலும் பிரிக்கிற ஃபிரீக்வென்சி செபரேஷன் செய்து, கீழ் லேயரைப் பெரிய ஆரத்தில் மங்கலாக்கியிருப்பார்கள். மடிப்பின் அகலத்தைவிட மங்கல் ஆரம் பெரிதாகும்போது தாடை நிழலும் கரைந்து மெழுகாகிவிடும். மேலே சொன்ன Curves முறையில் தோலின் துளைகளும் ரோமமும் தொடப்படுவதே இல்லை என்பதால் இந்தக் கோளாறு வராது. ஏற்கெனவே மெழுகாகிவிட்டதென்றால் அந்த லேயரைக் கழுத்தில் 30 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு, மீதியை Curves-ஆல் செய்யுங்கள். மெழுகின் மேல் செயற்கையாகத் துகள் தூவிச் சமாளிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிதாக அச்சிடும்போது கன்னத்துத் தோலும் கழுத்துத் தோலும் வேறுவேறாகத் தெரியும்.

அடையாளம்: இரட்டைத் தாடை குறைந்தது, கழுத்துக்கோடுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிகின்றன

கழுத்தைச் சுற்றிக் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள் தொங்கு சதையின் மடிப்பல்ல. ஒல்லியானவருக்கும் உண்டு, குழந்தைக்கும் உண்டு. நம் கோயில் சிற்பங்களின் கழுத்தைப் பாருங்கள், மூன்று வரி செதுக்கியிருப்பார்கள். சங்குக் கழுத்து என்று அதை அழகாகவே எண்ணினார்கள். பெரிய மடிப்பு அடங்கியதும் கண் அடுத்ததைத் தேடி இவற்றில் போய் நிற்கிறது. இவற்றை அழிக்காதீர்கள். மடிப்புக்குப் போட்ட வெளிச்ச லேயரில், மாஸ்க்கில் மிக லேசாக ஒருமுறை தடவினால் போதும். வரி மொத்தமாக இல்லாத கழுத்து துணிக்கடை பொம்மைக்குத்தான் உண்டு.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, கழுத்தின் முன்பக்கத்தில் வீக்கம் தெரிந்தால் அது தைராய்டாக இருக்கலாம், கொழுப்பு மடிப்பல்ல. அறுவைத் தழும்பும் அப்படித்தான். அவர்களைக் கேட்காமல் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

அடையாளம்: திரையில் சரி, அச்சில் கழுத்து இருண்டுவிட்டது

திரை தானே ஒளிவிடுகிறது, தாள் விடுவதில்லை. நாம் கூட்டிய நிழல் அச்சில் இன்னும் ஒரு படி இறங்கும், மேட் தாளில் அதைவிடக் கூடுதலாக. மூட்டம் போட்டதுபோல் கழுத்து அடைபட்டுவிடும். அச்சுக்குப் போகும் கோப்பில் சதைக்குப் போட்ட இருட்டு லேயரின் Opacity-ஐ மட்டும் 80-க்குக் குறைத்து, மோவாய்முதல் சங்கிலிவரை உள்ள பகுதியை 4-க்கு 6 அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள். பெரிய அச்சின் அளவு மாறாமல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், முழுப் படத்தைச் சிறிதாக்கி அடித்தால் ஒன்றும் தெரியாது. மங்கலான கூடத்து வெளிச்சத்தில், மாட்டப்போகிற மாதிரி நிறுத்திவைத்துப் பார்ப்பது நல்லது.

அடையாளம்: ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் வேறு கழுத்து

பெரிய படத்தில் மட்டும் திருத்திவிட்டு மற்றவற்றை விட்டால் அடுத்த பக்கமே காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் திருத்தினாலும் தவறுதான். தாலி கட்டும்போது குனிந்த தலையில் மடிப்பு இருந்தே ஆக வேண்டும், சிரிக்கும்போதும் அப்படியே. தலை நிமிர்ந்த படங்களில் மட்டும் மேலே சொன்ன அளவு, குனிந்த படங்களில் சதையின் வெளிச்சத்தை மட்டும் பாதியளவு குறைப்பது, மடிப்புக் கோட்டைத் தொடாமல் விடுவது என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு படங்களை ஒரே திரையில் அடுக்கிப் பார்த்தால், எது இடிக்கிறது என்று சட்டென்று தெரிந்துவிடும். பாஸ்போர்ட், விசா படங்கள் இந்தக் கணக்கிலேயே வராது. அவற்றில் முகத்தையும் கழுத்தையும் திருத்தவே கூடாது, நிராகரித்துவிடுவார்கள்.

அந்த அறுபதாம் கல்யாணப் படத்தின் சோதனை அச்சை வாங்க மகளோடு அம்மாவும் வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கழுத்துல இந்த ரெண்டு கோடு இருக்கட்டும் தம்பி, எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மடிப்புக் கோட்டின் லேயரை 100-லிருந்து 60-க்கு இறக்கினேன். சதையின் மேலிருந்த வெளிச்சத்தை மட்டும் திருத்தியபடியே விட்டேன். 42 என்றிருந்த எண் 38 ஆயிற்று. அந்த அளவில்தான் பெரிய பிரதி அச்சுக்குப் போனது.